கடற்காற்றில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்: உப்பையும் எறும்பையும் எப்படித் தடுப்பது?

கேள்வி: "வீடு கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பல வருடமாக வைத்திருக்கும் டெஸ்க்டாப்பை எப்போதாவதுதான் போடுவேன். பிளாஸ்டிக் உறை போட்டு மூடியும் உள்ளே துரு பிடிக்கிறது, எறும்பும் போகிறது. என்ன செய்யலாம்?"

முதலில் அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்துவிடுங்கள். கடற்காற்றோடு வந்த உப்புத் துகள்கள் தூசியோடு கலந்து ஏற்கெனவே உள்ளே படிந்திருக்கும்; காற்றோட்டமில்லாத உறை, அவற்றோடு சேர்ந்த ஈரத்தையும் வெளியேற விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. தூசி விழாமல் இருக்க மெல்லிய பருத்தித் துணி போதும், அதையும் கணினி ஓடும்போது எடுத்துவிட வேண்டும்.

உப்பு உலர்ந்து கிடக்கும்வரை பெரிய தீங்கு இல்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும், சாதாரண உப்பு காற்றிலிருக்கும் நீரை இழுத்துத் தானாகவே கரைந்துவிடும். செம்பில் பச்சைக் களிம்பு ஏறுவதும் இரும்புத் திருகுகள் துருப்பிடிப்பதும் அந்த உப்புநீரால்தான். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் உப்புகளோ இதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கும்.

கணினியை ஓடவிடுவதே இதற்கு எளிய மருந்து. அறையில் 30 டிகிரி வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெட்டியின் உட்புறம் 40 டிகிரிக்குச் சூடானால், நீராவியின் அளவு அப்படியே இருந்தும், அங்குள்ள ஈரப்பதம் ஏறத்தாழ 50 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அணைத்து ஆறியதும் அது பழைய நிலைக்குத் திரும்பும் என்பதால், மாதம் ஒருமுறை நாள் முழுவதும் போடுவதைவிட, முடிந்தால் தினமும், இல்லையென்றால் வாரத்தில் சில நாட்களாவது, ஒரு மணி நேரம் ஓடவிடுவது நல்லது. வேலை முடிந்ததும் சுவரிலுள்ள சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். கணினி அணைந்திருந்தாலும் மதர்போர்டின் சில பகுதிகளுக்கு 5 வோல்ட் போய்க்கொண்டே இருக்கும். ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் அரிப்பு வேகமாகிவிடும்.

ஏ.சி. அறையாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 24 டிகிரியில் குளிர்ந்திருக்கும் கணினியின் மேல், மேலே சொன்ன 30 டிகிரி, 85 சதவீத ஈரப்பதமுள்ள காற்று வெளியிலிருந்து சன்னல் வழியாக வந்து பட்டால், நீர் நேரடியாகவே துளிர்க்கும், ஏனென்றால் அந்தக் காற்று 27 டிகிரியிலேயே பனிக்கத் தொடங்கிவிடும். ஆகவே ஏ.சி.யை அணைத்தவுடன் சன்னலைத் திறக்காதீர்கள். திறந்துவிட்டால், பெட்டி அறையின் சூட்டுக்கு வரும்வரை கணினியைப் போடாதீர்கள்.

ஏற்கெனவே படிந்த உப்பை இவை எதுவும் அகற்றாது. அதன் முதல் அறிகுறி பெரும்பாலும் ராம் என்ற நினைவகப் பலகையில்தான் தெரியும்: பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றும், பீப் ஒலி வரும், திரையில் ஒன்றும் வராது. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, விளிம்பிலுள்ள பொன்னிறப் பட்டைகளை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கலான படலமோ ஓரத்தில் பச்சைப் புள்ளியோ தெரிந்தால், 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் மெதுவாகத் துடையுங்கள். பலர் அழிரப்பரால் தேய்க்கிறார்கள். அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, தேய்ந்து போனால் அடியிலுள்ள நிக்கலும் செம்பும் வெளியே வந்து அடுத்த மழைக்காலத்தில் இன்னும் வேகமாகக் கெடும். ஸ்லாட்டில் உள்ள தூசியை மென்மையான பிரஷால் தட்டி எடுத்து, எல்லாம் உலர்ந்த பிறகு ராமை ஓரிரு முறை செருகி எடுத்து, பிறகு நன்றாக அழுத்திப் பொருத்துங்கள். பச்சைப் புள்ளி துடைத்தும் போகாமல் குழியாகத் தெரிந்தால் அந்த ராமை மாற்றுவதே வழி. மதர்போர்டின் மெல்லிய தடங்களையே அரிப்பு தின்றிருந்தால் எந்தத் துடைப்பும் உதவாது. அதனால் கணினி இப்போது ஓடும்போதே உங்கள் கோப்புகளை வேறோரிடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

எறும்பு வருவது பெரும்பாலும் பின்புறம் காலியாக விட்ட ஸ்லாட் வழியாகத்தான். அங்கே தகட்டு மூடியைப் பொருத்துங்கள். காற்றுத் துளைகளை உட்புறமாக நுண்ணிய கம்பி வலையால் மறையுங்கள்; வலை எதையும் தொட்டுவிடாதபடி உறுதியாக ஒட்டி, அதில் சேரும் தூசியை அவ்வப்போது எடுக்க வேண்டும், இல்லையென்றால் காற்றோட்டம் அடைபட்டுவிடும். மிகச் சிறிய எறும்பு வலையையும் தாண்டும் என்பதால், மேசைக்கு அருகில் தின்பண்டத் துணுக்குகள் கிடக்கவும் கூடாது. பெட்டிக்குள் பூச்சி ஸ்பிரே அடிக்காதீர்கள். அதிலுள்ள கரைப்பானும் எரிவாயுவும் ஆபத்தானவை. அந்துருண்டையும் வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். பவர் சப்ளைக்குள் எறும்பு போயிருந்தாலும் அதைத் திறக்காதீர்கள். மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். வெளியிலிருந்தே காற்று ஊதிச் சுத்தம் செய்யுங்கள், அப்போதும் போகவில்லையென்றால் அந்தப் பாகத்தையே மாற்றுங்கள்.

மாதக்கணக்கில் போடவே முடியாது என்றால் மட்டும் சிலிக்கா ஜெல் பொட்டலம் பயன்படும், அதுவும் காற்று புகாத பெட்டிக்குள் கணினியை வைத்தால்தான். முதலில் தூசியை அகற்றி உலர வைத்து, பிறகு பெட்டிக்குள் வையுங்கள். ஜெல் நிறம் மாறும்போது அதைச் சூடாக்கி உலர்த்தி மறுபடியும் போடுங்கள். காற்றுத் துளையுள்ள கேபினெட்டுக்குள் அதைப் போட்டு வைத்தால், ஓரிரு நாளில் அது நிறைந்துவிடும், காற்றின் ஈரப்பதமோ மாறாது.