லாக்-அவுட் செய்த பிறகும் வேலை செய்யும் டோக்கன்

வணக்கம். சில ஆண்டுகளுக்கு முன்னால், வீட்டுக்கு வீடு பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் சர்வர் பக்க வேலை பார்த்தேன். ஒரு நாள் காலையில் அங்கே ஊழியர் ஒருவரின் ஃபோன் பஸ்ஸில் தொலைந்துபோனது. அவர் உஷாரான ஆள். பத்து இருபதுக்கே வேறொரு ஃபோனிலிருந்து பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். மதியம் சர்வர் பதிவுகளைப் பார்த்தால், தொலைந்த ஃபோனிலிருந்து வாடிக்கையாளர்களின் முகவரிகளைக் கேட்டுக் கோரிக்கைகள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் எங்கள் சர்வர் பணிவாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த நிரலை எழுதியவன் நான்தான்.

நாங்கள் பயன்படுத்தியது ஜே.டபிள்யூ.டி, அதாவது ஜேசன் வெப் டோக்கன். 2015-ல் ஆர்.எஃப்.சி 7519 என்ற எண்ணில் தரமாக்கப்பட்டது. அந்த ஆவணமே இதை ‘ஜாட்’ என்று உச்சரிக்கச் சொல்கிறது. நம் ஊரில் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. லாகின் ஆனதும் சர்வர் ஒரு சிறு குறிப்பை எழுதுகிறது: இவர் இன்னார், இந்த நேரத்தில் கொடுத்தோம், இந்த நேரம் வரை செல்லும். அதன் அடியில் கையொப்பம் போட்டுக் கொடுத்துவிடுகிறது. ஃபோன் ஒவ்வொரு முறையும் அதை நீட்டுகிறது. சர்வர் கையொப்பத்தையும் தேதியையும் மட்டும் பார்த்து உள்ளே விடுகிறது.

மாதாந்திர பஸ் பாஸ் மாதிரிதான். கண்டக்டர் முத்திரையையும் தேதியையும் பார்ப்பார், அவ்வளவுதான். ஒவ்வொரு பயணிக்கும் டெப்போவுக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். அதனால்தான் வேலை வேகமாக நடக்கிறது. ஆனால் பாஸ் தொலைந்துவிட்டது என்று டெப்போவில் எழுதிக் கொடுத்தாலும் கண்டக்டருக்குத் தெரியாது. எங்கள் கதையும் அதுவே. அந்த டோக்கன் நான்கு நாள் முன்னால் கொடுத்தது, ஆயுள் முப்பது நாள். பாஸ்வேர்டை மாற்றியதால் டேட்டாபேஸில் ஒரு வரி மாறியது. ஆனால் டோக்கனைச் சரிபார்க்கும் இடம் டேட்டாபேஸ் பக்கமே போவதில்லை. இன்னும் இருபத்தாறு நாள் அது செல்லும்.

எங்கள் லாக்-அவுட் பொத்தானிலும் இதே ஓட்டைதான். ஃபோனிலிருந்த டோக்கனை அது அழிக்கும். வேறு யாராவது அதற்கு முன்பே நகல் எடுத்திருந்தால், நகலுக்கு ஒன்றும் ஆகாது.

அன்றைக்கு வேறு வழியில்லாமல் கையொப்பமிடும் சாவியையே மாற்றினோம். திருடனோடு சேர்ந்து எல்லா டெலிவரிக்காரர்களும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே தள்ளப்பட்டார்கள். வாங்க வேண்டிய திட்டையெல்லாம் அன்று வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் உட்கார்ந்து யோசித்தபோது முதலில் தோன்றியது தடைப்பட்டியல். ரத்தான டோக்கன்களை, நினைவகத்திலேயே தரவை வைத்து வேகமாகத் தேடித் தரும் ரெடிஸில் போட்டுவைத்து, ஒவ்வொரு முறையும் அங்கே பார்ப்பது. யாருக்கும் முதலில் இதுதான் தோன்றும், இதில்தான் வழுக்கியும் விழுவார்கள். டோக்கனை அப்படியே முழு எழுத்துச்சரமாகப் பட்டியலில் வைக்கக் கூடாது. கையொப்பத்தின் கடைசி எழுத்தில் சில பிட்டுகள் எதற்கும் பயன்படாமல் இருக்கலாம். சில நூலகங்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. அந்த ஒரு எழுத்தை மட்டும் மாற்றினால், கையொப்பம் அப்படியே செல்லும், ஆனால் சரம் வேறாகிவிடும். பட்டியலில் தேடினால் கிடைக்காது. அதனால் டோக்கனுக்குள் `jti` என்று ஓர் அடையாள எண் வைத்து, அந்த எண்ணைத்தான் பட்டியலில் போட வேண்டும். டோக்கனின் ஆயுள் எவ்வளவு பாக்கியோ அவ்வளவு நேரம் அந்தப் பதிவு இருந்தால் போதும்.

அப்புறம், அந்த ரெடிஸையே தற்காலிகச் சேமிப்புக்கும் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. நினைவகம் நிரம்பியதும் பழையதைத் தூக்கி எறியும்படி `allkeys-lru` என்று அமைத்திருப்பார்கள். நெரிசலான நாளில் தடைப்பட்டியலின் வரியும் சேர்ந்து போய்விடும். ரத்து செய்த டோக்கன் சத்தமில்லாமல் மறுபடி செல்ல ஆரம்பிக்கும், எந்தப் பிழைச்செய்தியும் வராது. தடைப்பட்டியலுக்குத் தனி ரெடிஸ் வையுங்கள்.

நாங்கள் கடைசியில் தேர்ந்தெடுத்தது வேறு. டோக்கனின் ஆயுளைப் பத்து நிமிடமாகக் குறைத்தோம். கூடவே ரெஃப்ரெஷ் டோக்கன் ஒன்று கொடுத்தோம். அதில் கையொப்பம் கிடையாது, வெறும் சீரற்ற எண். டேட்டாபேஸில் அதன் ஹேஷ் மட்டும் இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஃபோன் அதைக் காட்டிப் புது டோக்கன் வாங்க வேண்டும். லாக்-அவுட் என்றால் அந்த வரியை ரத்து செய்கிறோம். பாஸ்வேர்டை மாற்றினால் அந்த ஆளின் எல்லா வரிகளும் ரத்து. இனித் திருடனுக்குக் கிடைப்பது அதிகபட்சம் பத்து நிமிடம்.

வாடிக்கையாளர் முகவரி, பணம் போன்ற இடங்களுக்குப் பத்து நிமிடமும் அதிகம் என்று பட்டது. அதனால் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு பதிப்பு எண் வைத்தோம். டோக்கனுக்குள்ளும் அதே எண் இருக்கும். பாஸ்வேர்டு மாறினால் டேட்டாபேஸில் எண் ஒன்று கூடும், பழைய எண்ணோடு வருகிற டோக்கனை அந்த இடங்கள் ஏற்காது. இதையே டோக்கன் கொடுத்த நேரத்தை வைத்துச் செய்கிறவர்களும் உண்டு. அந்த நேரம் பெரும்பாலும் முழு விநாடியாகத்தான் பதிவாகிறது. பாஸ்வேர்டு மாறிய அதே விநாடியில் கொடுத்த டோக்கன் பழையதா புதியதா என்ற குழப்பம் வரும். எண் வைத்தால் அந்தத் தலைவலி இல்லை.

ரெஃப்ரெஷ் டோக்கனை ஒவ்வொரு முறையும் புதிதாக மாற்றிக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே பயன்படுத்திய பழையது மறுபடி வந்தால், ஒரே சீட்டு இரண்டு பேர் கையில் இருக்கிறது என்று பொருள். யார் திருடன் என்று சர்வரால் சொல்ல முடியாது, அதனால் அந்த லாகினிலிருந்து வந்த எல்லாவற்றையும் ரத்து செய்ய வேண்டும். ஏட்டில் அழகாக இருந்தது. சாலையில் இறக்கியதும் டெலிவரிக்காரர்கள் காரணமே இல்லாமல் லாக்-அவுட் ஆனார்கள். இரண்டு நாள் பதிவுகளைத் துருவிய பிறகுதான் புரிந்தது. அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்டில் சிக்னல் போய்விடுகிறது. கோரிக்கை சர்வருக்கு வந்து, சர்வர் டோக்கனை மாற்றிப் பதிலும் அனுப்பிவிட்டது. அந்தப் பதில் ஃபோனுக்குப் போய்ச் சேரவில்லை. லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் ஃபோன் பாவம் பழைய டோக்கனையே மறுபடி நீட்டுகிறது. சர்வர் ‘திருடன்!’ என்று கதவைச் சாத்துகிறது.

அதற்குச் சிறு சலுகை கொடுத்தோம். மாற்றிய முப்பது விநாடிக்குள் பழையது வந்து, புதியது இன்னும் ஒருமுறைகூடப் பயன்படாமல் இருந்தால், அந்தப் புதியதை ரத்து செய்துவிட்டு வேறொன்று கொடுக்கும். அந்த முப்பது விநாடியில் திருடனும் நுழையலாம்தான். ஆனால் அப்படி நுழைந்தால், உண்மையான ஃபோன் தன் கையிலிருக்கும் ரத்தான டோக்கனை நீட்டும்போது விஷயம் வெளியே வந்துவிடும். அந்த அளவு ஆபத்தை ஏற்றுக்கொண்டோம்.

பிரௌசரில் இயங்கும் செயலி என்றால் ரெஃப்ரெஷ் டோக்கனை `localStorage`-ல் வைக்காதீர்கள். பக்கத்தில் நுழைகிற எந்த ஸ்கிரிப்டும் அதைப் படித்துவிடும். `HttpOnly` குக்கீயில் வைத்தால் ஸ்கிரிப்ட்டால் படிக்க முடியாது.

உங்கள் செயலி எப்படி என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். லாகின் செய்யுங்கள். பிரௌசரின் நெட்வொர்க் பகுதியில் போகிற கோரிக்கை ஒன்றை, டோக்கனோடு சேர்த்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். லாக்-அவுட் செய்யுங்கள். நகலை மறுபடி அனுப்புங்கள். அனுமதி இல்லை என்ற 401 வர வேண்டும். சரி என்ற 200 வந்தால் பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை, மறுநாள் இன்னொரு முறை அனுப்பிப் பாருங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. உங்களிடம் இருப்பது ஒரே சர்வர், ஒரே டேட்டாபேஸ் என்றால் இதில் எதுவும் வேண்டாம். டேட்டாபேஸில் வரி வைத்திருக்கும் சாதாரண செஷன் எண்ணே போதும். லாக்-அவுட் செய்தால் அந்த வரியை அழிக்கலாம். எங்கள் நிறுவனத்தில் அன்று இருந்ததும் ஒரே டேட்டாபேஸ்தான். ஜே.டபிள்யூ.டி அப்போது பேசப்பட்டுக்கொண்டிருந்தது, அதனால் வைத்தேன்.