மதுரையிலிருந்து கிளாம்பாக்கம்: 65 நிமிடத் தாமதமும் காணாமல் போன ஒரு சுத்தியலும்

வணக்கம் நண்பர்களே. இப்போது காலை ஏழேகால் மணி. சென்னை கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தின் ஒரு தூணுக்கு அருகில் அமர்ந்து இதைப் பதிவு செய்கிறேன். பின்னால் கேட்கும் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பாண்டியன் விரைவு வண்டியில் காத்திருப்புப் பட்டியல் கடைசி வரை நகராததால், நேற்றிரவு மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து ஒரு குளிரூட்டப்பட்ட படுக்கை வசதி ஆம்னி பேருந்தில் ஏறி வந்தேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் கண்ட குறைகள் இந்த ஒரு வண்டிக்கு மட்டும் உரியவை அல்ல. அடுத்த முறை நீங்கள் ஏறும் எந்த வண்டியிலும் அவை இருக்கக்கூடும்.

முதலில் நேரத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். பயணச்சீட்டில் மதுரை புறப்பாடு இரவு 10 மணி என்றும், கிளாம்பாக்கம் வருகை காலை 5 மணி என்றும் இருந்தது. உண்மையில் வண்டி 10.40-க்குப் புறப்பட்டு 6.05-க்கு வந்து சேர்ந்தது. ஒரு மணி ஐந்து நிமிடம் தாமதம் என்றதும் ஓட்டுநர் உருட்டிக்கொண்டு வந்தார் என்றுதான் அருகிலிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். தூக்கம் வராத எனக்கோ கைப்பேசியில் நேரத்தைக் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. சமயபுரம் சுங்கச்சாவடியைக் கடந்தபோது மணி 12.55, மாட்டுத்தாவணியிலிருந்து அது ஏறக்குறைய 145 கிலோமீட்டர். உளுந்தூர்பேட்டைப் பக்கம் உணவகத்தில் நிறுத்தியபோது 2.35. அங்கே இருபது நிமிடம் என்று சொல்லிவிட்டு 3.20-க்குத்தான் கிளப்பினார்கள். ஆக, புறப்பாட்டில் 40 நிமிடம், உணவகத்தில் கூடுதலாக 25 நிமிடம். இரண்டையும் கூட்டினால் அந்த 65 நிமிடம் அப்படியே வந்துவிடுகிறது. சாலையில் ஒரு நிமிடம்கூடத் தாமதம் ஆகவில்லை.

அந்த முதல் 40 நிமிடம் எங்கே போனது என்பதை நான் கண்ணாலேயே பார்த்தேன். இந்த வண்டி மதுரையில் தொடங்குவதில்லை. மாலை 6 மணிக்கு நாகர்கோவிலில் கிளம்பி, நெல்லையிலும் கோவில்பட்டியிலும் ஆள் ஏற்றிக்கொண்டு வரும் வண்டி. வழியில் ஏற்படும் ஒவ்வொரு ஐந்து நிமிடத் தாமதமும் சேர்ந்து மாட்டுத்தாவணியில் நிற்பவர் தலையில்தான் விழும். வண்டி வந்து நின்ற பிறகும் உடனே கிளம்பவில்லை. பத்துப் பன்னிரண்டு மல்லிகைக் கூடைகளும், அட்டைப் பெட்டிகளும், கடைசியாக ஓர் இருசக்கர வண்டியும் டிக்கியில் ஏறின. மல்லிகை வாசம் விழுப்புரம் வரைக்கும் இருந்தது என்பது வேறு விஷயம். ஆகவே, காலையில் நேர்முகத்தேர்வோ மருத்துவமனைச் சந்திப்போ இருப்பவர்கள், பதிவு செய்யும் முன் வண்டி புறப்படும் முதல் ஊர் எது என்று பாருங்கள். செயலியில் ஏறும் இடங்களின் பட்டியலைத் திறந்தால் மதுரைக்கு முன்னால் வேறு ஊர்கள் இருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். மதுரையிலேயே தொடங்கும் வண்டிக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் தவறில்லை என்பது என் கருத்து.

தாமதமான வண்டி அதை வழியில் ஈடுகட்ட முயல்வதுதான் எனக்கு உண்மையான கவலையைத் தருகிறது. மாட்டுத்தாவணியிலிருந்து கிளாம்பாக்கம் வரை ஏறக்குறைய 427 கிலோமீட்டர். நேற்றிரவு வண்டி ஓடிக்கொண்டிருந்த நேரம் மட்டும் 6 மணி 40 நிமிடம். அதாவது சராசரி வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர். பேருந்துகளில் பொருத்தப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் உச்ச வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். சிட்டம்பட்டி தொடங்கிப் பரனூர் வரை எட்டுச் சுங்கச்சாவடிகள், இடையில் மேம்பாலப் பணிகள், செங்கல்பட்டுக்குப் பிறகு அதிகாலை நெரிசல் என இத்தனையையும் தாண்டி, அந்த வரம்பை மீறாத ஒரு பேருந்து 64, 65 என்ற சராசரியைத் தொடுவதே நல்ல ஓட்டம்தான். அந்த 65 நிமிடத்தையும் ஓட்டுநர் ஈடுகட்டியிருந்தால் சராசரி 76-க்கு மேல் போயிருக்கும். 80-ஐத் தாண்டாமல் அது நடக்கவே நடக்காது. கைப்பேசியில் வேகம் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து சன்னல் ஓரம் வைத்தால் போதும். எண் 80-ஐத் தாண்டித் தொடர்ந்து ஓடினால், அந்தக் கருவி வேலை செய்யவில்லை அல்லது துண்டிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். நேற்றிரவு நான் பார்த்த அளவில் 82-ஐ ஒருமுறை தொட்டுவிட்டு இறங்கியது. அந்த ஓட்டுநருக்கு என் வணக்கம்.

ஓட்டுநர் விஷயத்தில் இன்னொன்றையும் நான் கவனித்தேன். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாளில் எட்டு மணி நேரம், நெடுந்தூரத் தடங்களில் அதிகபட்சம் பத்து மணி நேரம் என்று வரம்பு வைத்திருந்தது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல் இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு தரவும் சொன்னது. நாகர்கோவிலிலிருந்து கிளாம்பாக்கம் வரை பன்னிரண்டு மணி நேரம் என்பதால் ஒரே ஆள் ஓட்டவே கூடாது. மாட்டுத்தாவணியில் பொருள் ஏறிக்கொண்டிருந்தபோது, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலிருந்த சிறு படுக்கையிலிருந்து ஒருவர் எழுந்து, முகம் கழுவி, ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து வண்டியை எடுத்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. அந்தப் படுக்கையும் ஒரு பயணிக்கு விற்கப்பட்டிருந்தால் மாற்று ஓட்டுநர் எங்கே தூங்குவார் என்று கேட்டுவிடுங்கள்.

இப்போது சுத்தியல் கதைக்கு வருகிறேன். என் படுக்கை இடப்புறம் ஒற்றைப் படுக்கை வரிசையில், நடுவில், கீழே. எங்கள் வண்டியில் 36 படுக்கைகள். நடைபாதையோ ஒருவர் பையோடு நடந்தால் எதிரே வருபவர் ஒதுங்க வேண்டிய அகலம். சன்னல் சட்டத்தின் மேல் கண்ணாடி உடைக்கும் சுத்தியலுக்கான சிவப்புத் தாங்கி இருந்தது, சுத்தியல் இல்லை. யாரோ அந்தத் தாங்கியில் மின்னேற்றிக் கம்பியைச் சுற்றித் தொங்கவிட்டிருந்தார்கள். கிளீனரிடம், "அண்ணே, சுத்தியல் எங்கே?" என்று கேட்டேன். "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுறாங்க தம்பி, முன்னாடி ஒண்ணு இருக்கு" என்றார். முன்னால் இருக்கும் ஒன்று, நடுவில் படுத்திருப்பவருக்கு எதற்கு உதவும்?

2025 அக்டோபரில் கர்னூல் அருகே, அதிகாலையில், ஐதராபாத்திலிருந்து பெங்களூருக்குப் போன ஒரு படுக்கைப் பேருந்தின் அடியில் இருசக்கர வண்டி சிக்கித் தீப்பிடித்ததை நினைத்துக்கொண்டேன். தூக்கத்தில் இருந்த பலர் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். முன்கதவு காற்றழுத்தத்தில் இயங்குவது. மோதலில் அது சிக்கிக்கொண்டால், கதவின் அருகிலுள்ள அவசரத் திறப்புக் குமிழைத் திருகிக் காற்றை வெளியேற்றிவிட்டுக் கையால் தள்ள வேண்டும். எங்கள் வண்டியில் அந்தக் குமிழ் படிக்கட்டுக்கு மேலே, ஒரு சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. பின்பக்க அவசர வழியோ கடைசிப் படுக்கையின் திரையையும் மெத்தையையும் தாண்டித்தான் இருந்தது. எனவே நடுவில் படுப்பவருக்குச் சன்னல்தான் வழி.

கண்ணாடியின் மூலையில் பொறித்திருக்கும் எழுத்தைப் பாருங்கள். டெம்பர்டு வகை என்றால் அடித்தவுடன் சிறு சிறு துகள்களாக உதிரும். லேமினேட்டட் வகை விரிசல் விடுமே தவிர வழி விடாது. அடிக்கும்போது நடுவில் அடிக்கக் கூடாது. நடுப்பகுதி அதிர்ந்து அடியை வாங்கிக்கொள்ளும்; ஓரத்திலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே, மூலையை ஒட்டி, கூர்முனையால் அடிக்க வேண்டும். மேல்படுக்கையில் இருப்பவர்கள் குதிப்பதற்கு முன் கால்களை வெளியே விட்டுக் கைகளால் தொங்கி இறங்க வேண்டும்; அங்கிருந்து தரை ஆளுயரத்துக்கும் மேல். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கார்ச் சுத்தியல் ஒன்று இனி என் தோள்பையில் இருக்கும். தலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால், டிக்கியில் போடும் பெட்டியில் அல்ல.

டிக்கியில் ஏறிய அந்த இருசக்கர வண்டியையும் சொல்லியாக வேண்டும். பெட்ரோலை வடித்தார்களா என்று கேட்டதற்கு, "கொஞ்சம்தான் தம்பி இருக்கும்" என்றார் ஏற்றியவர். நான் விடவில்லை. ஓட்டுநரிடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து பார்த்து, ஒரு குடிநீர்ப் புட்டியில் வடித்துவிட்டு ஏற்றச் சொன்னார். ஏறக்குறைய முக்கால் லிட்டர் வந்தது. மேற்சொன்ன தாமதத்தில் ஆறேழு நிமிடம் என் கணக்கில் சேரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வசதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். கால் நீட்ட முடிந்தது, ஆறடிக்காரர் மடக்கித்தான் படுக்க வேண்டும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட கீழ்ப்படுக்கையில் குலுங்கல் மிகக் குறைவு. பின் சக்கரத்துக்குப் பின்னாலுள்ள படுக்கைகளில் ஒவ்வொரு வேகத்தடையிலும் உடம்பு தூக்கிப் போடும், எஞ்சின் சத்தமும் அங்கேதான். மேல்படுக்கையில் பக்கவாட்டு ஆட்டம் அதிகம். தலையைப் பின்பக்கமும் காலை முன்பக்கமும் வைத்துப் படுங்கள். திடீரென்று பிரேக் பிடித்தால் உடம்பு முன்னோக்கி வழுக்கும், அப்போது தடுப்பில் கால் முட்டட்டும், தலை முட்ட வேண்டாம். குளிர்க்காற்றுத் துவாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டால் தொண்டை கட்டாது. போர்வை துவைத்ததாக இருந்தது. தலையணை உறையைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். வண்டியில் கழிப்பறை இல்லை. அந்த ஒரே நிறுத்தம் பின்னிரவு 2.35-க்கு என்பதால், நீரிழிவு உள்ளவர்களும் வயதானவர்களும் இரயிலில் இடம் கிடைக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நாளை மறுநாள் இரவு ஊர் திரும்புகிறேன். மதுரையிலேயே ஓட்டத்தை முடித்துக்கொள்ளும் ஒரு வண்டியில், இடப்புறம் நான்காம் வரிசை, கீழ்ப்படுக்கையைப் பதிவு செய்திருக்கிறேன். ஏறியதும் அந்தச் சிவப்புத் தாங்கியைத்தான் முதலில் படம் பிடித்துக் காட்டுவேன்.