வீடியோ மேல வந்து விழுற நோட்டிஃபிகேஷன்: எதை விடலாம், எதை நிறுத்தலாம்

வணக்கம் மக்களே. நேத்து எங்கம்மா பிளவுஸ் கட்டிங் வீடியோ ஒண்ணு பாத்துட்டு இருந்தாங்க. போனை நேரா வெச்சுப் பாக்குறப்ப வீடியோ ஸ்க்ரீனோட மேல் பக்கத்துலதானே ஓடும்? கழுத்து இறக்கத்துக்கு டேப்பை வெச்சு அளவு காட்டுற நேரத்துல, "இன்னைக்கு மட்டும் ஆஃபர்"னு ஒரு பட்டை வந்து டேப்பை அப்படியே மறைச்சிருச்சு. தள்ளிவிடப் போன விரல் அது மேலயே பட்டு, வீடியோ போயி ஷாப்பிங் ஆப் திறந்துக்கிச்சு. அரை மணி நேரத்துல நாலு தடவை. கடைசில அம்மா கத்திரிக்கோலைக் கீழ வெச்சுட்டு எந்திரிச்சுட்டாங்க. எனக்கு மனசே ஆறல.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். பட்டை வந்தா தட்டாதீங்க, விரலை வெச்சு மேல் நோக்கித் தள்ளுங்க. ஆப் திறக்காது, பட்டை மட்டும் போயிரும். செய்தி மேல நோட்டிஃபிகேஷன் லிஸ்ட்ல பத்திரமா இருக்கும்.

இப்ப நிரந்தரமா நிறுத்துறது. அந்த ஆப்போட நோட்டிஃபிகேஷன் மொத்தத்தையும் ஆஃப் பண்ணத்தான் எல்லாருக்கும் கை போகும். அம்மா போன்ல நான் அப்படிச் செய்யல. பார்சல் வாசல்ல வந்து நிக்குறதும் அதே ஆப்லதானே வருது! 2017-ல வந்த ஆண்ட்ராய்டு 8-ல இருந்து, ஒவ்வொரு ஆப்பும் தன்னோட நோட்டிஃபிகேஷனை ஏதாவது ஒரு வகைக்குள்ள போட்டுத்தான் அனுப்பணும். அம்மாவோட ஷாப்பிங் ஆப்ல ஆர்டர் ஒரு வகை, ஆஃபர் ஒரு வகை. ஒவ்வொரு வகைக்கும் தனி சுவிட்ச் இருக்கு.

அந்த சுவிட்சுக்குப் போக, லிஸ்ட்ல இருக்குற ஆஃபர் நோட்டிஃபிகேஷனை அழுத்திப் பிடிச்சேன். ஓரத்துல சக்கரம் மாதிரி ஒரு குறி வருதா? அதைத் தட்டினா அந்த வகையோட பக்கத்துக்கே போயிரும். அங்க `Pop on screen`னு இருக்குறதை ஆஃப் பண்ணிட்டேன். இனி ஆஃபர் வரும், ஆனா லிஸ்ட்ல போயி உக்காந்துக்கும், வீடியோ மேல விழாது. ஆர்டர் வகையைத் தொடவே இல்ல. சாம்சங் வெச்சிருக்கவங்களுக்கு இந்த வகைகள் கண்ணுல படலேன்னா, Settings-ல Notifications, அதுக்குள்ள Advanced settings போயி `Manage notification categories for each app`ங்கிறதை ஆன் பண்ணுங்க.

எந்த ஆப் அனுப்புச்சுன்னு பாக்குறதுக்குள்ள பட்டை மறைஞ்சு போச்சா? Settings-ல Notification history-ன்னு ஒண்ணு இருக்கு, ஆண்ட்ராய்டு 11-ல இருந்து. அதை ஆன் பண்ணி வெச்சா கடைசி 24 மணி நேரத்துல வந்தது எல்லாம் பேரோட நிக்கும். ஆன் பண்றதுக்கு முன்னாடி வந்தது அதுல இருக்காது, அதனால இன்னைக்கே பண்ணி வைங்க.

நீங்க ஒரு வகையை நிறுத்துனா, ஆப்பால அதைத் திருப்பி ஆன் பண்ண முடியாது. ஆனா வேற பேர்ல புதுசா ஒரு வகையை உருவாக்கிக்க முடியும். அதனால ஒரு அப்டேட்டுக்கு அப்புறம் பட்டை மறுபடி வந்தா, நீங்க தப்பாப் பண்ணிட்டதா நினைக்காதீங்க. உள்ள போயி புது வகை ஏதாவது முளைச்சிருக்கான்னு பாருங்க. ஆர்டரையும் ஆஃபரையும் ஒரே வகைல போட்டு அனுப்புற ஆப்பும் இருக்கு. அங்க பிரிக்க வழியில்ல. பட்டையை மட்டும் நிறுத்திட்டு, பார்சல் வர்ற அன்னைக்கு லிஸ்ட்டைப் பாத்துக்க வேண்டியதுதான்.

இவ்வளவும் பண்ணின பிறகும் அம்மா போன்ல ஒண்ணு மட்டும் நிக்கல. கால் பேசி முடிச்சதும் ஸ்க்ரீன் நடுவுல ஒரு பெட்டி, விளம்பரத்தோட. இது நோட்டிஃபிகேஷனே கிடையாது. எப்படித் தெரியும்னா, மேல தள்ளினா போகாது, அதுக்குன்னு தனியா ஒரு பெருக்கல் குறி இருக்கும், மூடினா லிஸ்ட்லயும் எதுவும் மிச்சம் இருக்காது. மத்த ஆப் மேல ஏறி நிக்குறதுக்கு நாமளே எப்பவோ அனுமதி குடுத்திருப்போம். Settings-ல Apps, அதுல Special app access, அங்க `Display over other apps`. சாம்சங்ல இதோட பேரு `Appear on top`.

அம்மா போன்ல அந்த லிஸ்ட்ல 6 ஆப் அனுமதியோட இருந்துச்சு. யார் கூப்பிடுறாங்கன்னு காட்டுற ஆப், சாட் பண்றவங்க படத்தைச் சின்ன வட்டமா ஸ்க்ரீன் மேல மிதக்க விடுற ஆப், இது ரெண்டும் எதுக்குக் கேக்குதுன்னு புரியுது. டார்ச் ஆப்புக்கும் வால்பேப்பர் ஆப்புக்கும் இது எதுக்குங்க? இன்னொரு ஆப்போட திரை மேல போலியா ஒரு திரையை விரிச்சு பாஸ்வேர்டு வாங்குற திருட்டு ஆப்களும் கேக்குறது இதே அனுமதியைத்தான். அதனால இங்க மட்டும் நான் தயங்கவே இல்ல. சாட் ஆப்பை மட்டும் விட்டுட்டு அஞ்சையும் ஆஃப் பண்ணிட்டேன். கால் முடிஞ்சு வந்த பெட்டியும் அதோட நின்னு போச்சு.

இன்னைக்குக் காலைல அம்மா அந்த வீடியோவை மறுபடி போட்டு, கை வெட்டு வரைக்கும் முடிச்சுட்டாங்க. நடுவுல ஒரு பட்டை வந்துச்சு, பார்சல் வருதுன்னு. மேல தள்ளிவிட்டுட்டு வெட்டிக்கிட்டே இருந்தாங்க.