ஆயிரம் யூனிட் போதும்

நேயர்களுக்கு வணக்கம். பங்குச் சந்தை விழுந்த வேகத்தில், மன்னார்குடியில் எங்கள் தெருவில் குடியிருக்கும் அண்ணன் ஒருவர் விடியற்காலையிலேயே என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார். கையில் கணக்குத் தாள். "அவ்வளவையும் விற்றுவிடு தம்பி, இராத்திரி தூக்கமே இல்லை" என்றார்.

அவரிடம் இருந்தது, ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்குகள் அடங்கிய நிஃப்டி குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்டில் 3,000 யூனிட். யூனிட் 200 ரூபாயாக இருந்தபோது ஆறு லட்சம். இப்போது 140 ரூபாய், நான்கு லட்சத்து இருபதாயிரம். யூனிட் எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையவில்லை என்பதைத் தாளில் விரல் வைத்துக் காட்டினேன். விற்றால் இந்த இறக்கம் நிரந்தர நஷ்டமாகிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. விற்பவர் இரண்டு முடிவுகளைச் சரியாக எடுக்க வேண்டும்: எப்போது வெளியேறுவது, எப்போது திரும்ப நுழைவது. இரண்டாவதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் ஏறக்குறைய 13 சதவீதம் சரிந்து, 7,610இல் முடிந்தது. மறுநாள் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. நல்ல செய்தி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் ஏப்ரல் இறுதியில் நிஃப்டி 9,800ஐத் தாண்டியிருந்தது. செய்தி நல்லதாகட்டும் என்று காத்திருந்தவர்கள் அந்த ஏற்றத்தை வெளியே நின்று பார்த்தார்கள்.

எப்போதும் இவ்வளவு விரைவில் மீளும் என்று நான் சொல்ல மாட்டேன். இன்னொரு பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ், 2008 ஜனவரியில் இருந்த 21,000 என்ற உயரத்தை மறுபடி எட்ட 2010 இறுதி வரை ஆனது. எனவே அண்ணனிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "மூன்று ஆண்டுக்குள் எந்தச் செலவுக்கு இந்தப் பணம் வேண்டும்?"

கொஞ்ச நேரம் யோசித்தார். ஜூனில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம், ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அதை அவர் சந்தையில் வைத்திருந்ததே தவறு. அதற்கு ஆயிரம் யூனிட் விற்று வங்கியில் போடச் சொன்னேன். நஷ்டம்தான், ஆனால் கட்டணத்துக்குக் கெடு இருக்கிறது. குறுவைக்கும் சம்பாவுக்கும் ஆகும் செலவு அவர் கையில் தனியாக இருந்தது, கடனும் இல்லை. மீதி 2,000 யூனிட்டை உடனே தொட வேண்டிய தேவை எதுவும் இல்லை.

கடன் வாங்கிப் போட்டிருந்தாலோ, ஒரே நிறுவனத்தின் பங்கில் எல்லாம் இருந்தாலோ நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். ஒரு நிறுவனம் மூழ்கினால் மீளாமலே போகலாம். ஐம்பது நிறுவனங்கள் அடங்கிய குறியீட்டில் நலிந்தது வெளியேறும், வேறொன்று உள்ளே வரும்.

அவர் மாதம் கட்டும் ஐயாயிரத்தை நிறுத்தலாமா என்றும் கேட்டார். 200 ரூபாயில் அதற்கு 25 யூனிட் கிடைத்தது, இப்போது 35க்கு மேல் கிடைக்கிறது என்று அதே தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆயிரம் யூனிட்டை மட்டும் விற்க எழுதிக் கொடுத்தார்.