நிறையே தராத சுருள்வில் கணக்கு

வணக்கம். நேரே ஒரு கணக்குக்கு வந்துவிடுகிறேன். ஒரு சுருள்வில்லின் நீளம் 20 சென்டிமீட்டர். அதில் ஒரு குண்டைத் தொங்கவிட்டதும் நீளம் 29.8 சென்டிமீட்டர் ஆகிறது. குண்டை இன்னும் 3 சென்டிமீட்டர் கீழே இழுத்து விட்டால் அலைவு நேரம் என்ன?

பல மாணவர்கள் இங்கேயே பேனாவை வைத்துவிடுவார்கள். அலைவு நேரம் என்பது இரண்டு பை பெருக்கல், நிறையைச் சுருள்வில் மாறிலியால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலம். கணக்கில் நிறையும் இல்லை, மாறிலியும் இல்லையே என்பார்கள்.

இரண்டும் தனித்தனியாகத் தேவையில்லை. குண்டு அசையாமல் தொங்கும்போது அதன் எடையும் வில்லின் இழுவிசையும் சமம். அதாவது, நிறை பெருக்கல் ஈர்ப்பு முடுக்கமும் மாறிலி பெருக்கல் நீட்சியும் ஒன்றே. அப்படியானால் நிறையை மாறிலியால் வகுத்தால் வருவதும், நீட்சியை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் வருவதும் ஒரே எண்தான்.

நீட்சி 9.8 சென்டிமீட்டர், மீட்டரில் 0.098. அதை ஈர்ப்பு முடுக்கமான 9.8 ஆல் வகுத்தால் 0.01, வர்க்கமூலம் 0.1. இரண்டு பையால் பெருக்கினால் 0.63 வினாடி. அந்த 3 சென்டிமீட்டர் வீச்சு மட்டுமே, அலைவு நேரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆசிரியர்கள் வேண்டுமென்றே போடுகிற பொறி அது. நானும் போட்டிருக்கிறேன்.

சென்டிமீட்டரை மாற்றாமல் விட்டால் 6.3 வினாடி வரும். ஒரு மீட்டர் நீளத் தனி ஊசலே ஒரு முறை போய்வர ஏறக்குறைய 2 வினாடிதான் எடுக்கும். சின்னச் சுருள்வில்லுக்கு 6 வினாடியா என்று அப்போதே சந்தேகம் வர வேண்டும்.

இந்த வாய்பாடு தனி ஊசலுடையதைப் போலவே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஊசலின் நீளம் இருந்த இடத்தில் நீட்சி இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் நிலவுக்குக் கொண்டுபோனால் ஊசல் மெதுவாக ஆடும், சுருள்வில்லின் அலைவு நேரம் மாறாது. அங்கே ஈர்ப்பு குறைந்த அளவுக்கு நீட்சியும் குறைந்துவிடும்.

வீட்டில் ஸ்பிரிங் தொட்டில் இருந்தால் இதைப் பார்த்துவிடலாம், குழந்தையை எடை போட வேண்டியதில்லை. ஸ்பிரிங் மொத்தம் 25 சென்டிமீட்டர் நீண்டிருந்தால், மேலும் கீழுமாக ஒரு முறை ஆட ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். ஆனால் தொட்டிலை மாட்டுவதற்கு முன்பிருந்தே அளக்க வேண்டும். குழந்தையைக் கிடத்திய பிறகு இறங்கியதை மட்டும் அளந்தால் துணியும் கட்டையும் கணக்கில் விட்டுப்போகும், அவையும்தானே சேர்ந்து ஆடுகின்றன.