பிரிண்டர் வேண்டாம், பிரிண்ட் மெனு போதும்: போனிலிருந்தே பிடிஎஃப்

[திரையில்: சாதாரண ஆண்ட்ராய்டு போன். ஒரு மின்னஞ்சல் திறந்திருக்கிறது.]

வணக்கம். உங்களுக்கு ஒரு நேர்முகத் தேர்வு அழைப்பு மின்னஞ்சலில் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை பிடிஎஃப் ஆக்கி இன்னோர் இடத்தில் பதிவேற்றச் சொல்கிறார்கள். பலர் உடனே இதற்கென்று ஒரு செயலியைத் தேடிப் போகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. வேண்டியது போனுக்குள்ளேயே இருக்கிறது. Print என்ற பெயருக்குப் பின்னால் இருப்பதால் அது நம் கண்ணில் படுவதில்லை. "என்னிடம் பிரிண்டர் இல்லையே" என்று அந்த மெனுவைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

நான் சொல்வது விலை குறைந்த, நினைவகம் குறைந்த ஆண்ட்ராய்டு போன்களுக்கும் பொருந்தும். 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. பொத்தான் வைத்த பழைய வகைப் போன்களில் மட்டும் இது கிடையாது.

[திரையில்: பிரிண்ட் முன்னோட்டம். வெள்ளைத் தாள் போலப் பக்கங்கள்.]

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. நீங்கள் Print என்பதைத் தொட்டதும், செயலி தன்னிடம் உள்ளதைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, ஒரு பிடிஎஃப் கோப்பாக எழுதி, போனின் அச்சுப் பகுதியிடம் கொடுக்கிறது. முன்னோட்டத்தில் நாம் பார்ப்பது அந்தக் கோப்பைத்தான். பிரிண்டர் இருந்தால் அது பிரிண்டருக்குப் போகும். இல்லையென்றால் அதையே போனில் வைத்துக்கொள்ளலாம். அதனால் முன்னோட்டத்தைக் கண்ணாடி போல நம்பலாம். அதில் ஒரு வரி வெட்டுப்பட்டிருந்தால் கோப்பிலும் வெட்டுப்பட்டுத்தான் இருக்கும்.

இனி அந்த அழைப்பு மின்னஞ்சலுக்கு வருவோம்.

[திரையில்: அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளை விரல் தொடுகிறது.]

ஜிமெயிலில் மூன்று புள்ளிகள் இரண்டு இடங்களில் உண்டு. திரையின் மேல் மூலையில் ஒன்று, அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் ஒன்று. பெயருக்குப் பக்கத்தில் உள்ளதைத் தொட்டு Print கொடுங்கள். அந்த ஒரு கடிதம் மட்டும் வரும். மேல் மூலையில் உள்ளது முழு உரையாடலுக்கானது. நீங்கள் அனுப்பிய பதில்களும் அதில் சேர்ந்துவிடலாம். அலுவலகத்துக்குக் கொடுக்கும் கோப்பில் அது வேண்டாம்.

இணையப் பக்கமாக இருந்தால் வழி சற்று வேறு. குரோமில் மூன்று புள்ளிகள், பிறகு Share, அங்கே வரும் வரிசையை நகர்த்தினால் Print கிடைக்கும். போனின் மொழி தமிழாக இருந்தால் பகிர், அச்சிடு என்று தேடுங்கள்.

[திரையில்: முன்னோட்டத்தின் மேல்பகுதி பெரிதாகத் தெரிகிறது.]

இப்போது முன்னோட்டம் வந்துவிட்டது. மேலே பிரிண்டர் பெயருக்கான இடத்தில் Save as PDF என்று இருக்கிறதா பாருங்கள். வேறு ஏதாவது இருந்தால் அதைத் தொட்டு, பட்டியலில் Save as PDF என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குக் கீழே தாள் அளவு. சில போன்களில் அது Letter என்று இருக்கும். ஏ4 தாள் அதைவிடச் சுமார் 18 மில்லிமீட்டர் நீளம் அதிகம், 6 மில்லிமீட்டர் அகலம் குறைவு. பின்னால் யாராவது ஏ4 தாளில் அச்செடுத்தால் விளிம்பு சரியாக அமைய, இப்போதே A4 என்று மாற்றிவிடுங்கள்.

நம் கடிதம் மூன்று பக்கங்கள் வந்திருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் "தாளைச் சேமியுங்கள்" என்ற ஒரு வரியைத் தவிர வேறொன்றும் இல்லை. கீழ்நோக்கிய சிறிய அம்புக்குறியைத் தொட்டு, Pages என்ற இடத்தில் 1-2 என்று கொடுத்தால் அது போய்விடும்.

பிறகு PDF என்று எழுதிய வட்டப் பொத்தான். முன்னோட்டம் முழுதாகத் தயாராகும்வரை அது வராது. மெதுவான போனில் சில விநாடிகள் ஆகும். திரும்பத் திரும்பத் தட்டாமல் காத்திருங்கள்.

[திரையில்: கோப்பைச் சேமிக்கும் பக்கம்.]

அடுத்த திரையில் பெயரும் இடமும் கேட்கும். பலர் கோப்பைத் தொலைப்பது இங்கேதான். தானாக வரும் பெயரோடு, எந்த இடம் என்று பாராமல் Save கொடுத்துவிட்டுப் பிறகு தேடுகிறார்கள். மேலே மூன்று கோடுகளைத் தொட்டு Downloads என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெயரைச் சுருக்கமாக, இடைவெளி இல்லாமல் வையுங்கள்.

```
interview-letter.pdf
```

கடைசியில் உள்ள .pdf என்பதை அழித்துவிடாதீர்கள். அது போய்விட்டால் பல செயலிகளுக்கு அது என்ன கோப்பு என்றே தெரியாது.

சேமித்ததும் ஒருமுறை திறந்து பாருங்கள். அளவு 0 என்று காட்டினால் எழுதுவது பாதியில் நின்றிருக்கிறது. போனில் இடம் மீதமிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி சேமியுங்கள். இணையப் பக்கத்தை எடுத்தபோது எனக்கு ஒருமுறை படங்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறுமையாக வந்தது. கோப்பில் பிழை இல்லை. கீழே உருட்டிப் பார்க்கும்போதுதான் பல பக்கங்களில் படங்கள் ஏறுகின்றன. அன்றிலிருந்து பக்கத்தின் அடிவரை உருட்டிப் பார்த்த பிறகே Print தொடுகிறேன்.

[திரையில்: குறுஞ்செய்தி ஒன்று.]

குறுஞ்செய்தியில்தான் சிக்கல். அந்தச் செயலியில் பெரும்பாலும் Print இருக்காது. இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் ஒன்றல்ல.

முதல் வழி: செய்தியை அழுத்திப் பிடித்து நகலெடுத்து, உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பி, அதை மேலே சொன்னபடி பிடிஎஃப் ஆக்குவது. எழுத்துகள் எழுத்துகளாகவே இருக்கும். தேடலாம், எண்ணை நகலெடுக்கலாம், கோப்பும் சிறியதாக இருக்கும். ஆனால் அனுப்பியவர் என்ற இடத்தில் உங்கள் பெயர்தான் இருக்கும், தேதியும் நீங்கள் அனுப்பிய தேதிதான்.

இரண்டாம் வழி: திரைப்பிடிப்பு எடுத்து, படங்கள் செயலியில் அதைத் திறந்து, மெனுவில் Print கொடுத்து பிடிஎஃப் ஆக்குவது. இதில் யார் அனுப்பினார், எப்போது என்பது திரையில் தெரிந்தபடியே பதிவாகும். ஆனால் அது ஒரு படம். உள்ளே இருக்கும் எண்ணை நேரடியாக நகலெடுக்க முடியாது. நீண்ட செய்திக்கு ஒரு திரை போதாது.

செய்தியின் உள்ளடக்கம் மட்டும் வேண்டுமென்றால் முதல் வழியையும், யார் எப்போது அனுப்பினார் என்று காட்ட வேண்டுமென்றால் இரண்டாவதையும் நான் தேர்ந்தெடுப்பேன். எதைச் செய்தாலும் மூலச் செய்தியை அழிக்காதீர்கள். யாராவது கேள்வி கேட்டால் காட்ட அதுதான் இருக்கிறது.

[திரையில்: அமைப்புகள், செயலிகளின் பட்டியல்.]

சிலருக்கு Print தொட்டாலும் எதுவும் நடப்பதில்லை. இடத்தை மிச்சப்படுத்த யாரோ தேவையில்லாதவை என்று சில செயலிகளை முடக்கியபோது அச்சுக்கான செயலியும் சேர்ந்து முடங்கியிருக்கலாம். Settings, பிறகு Apps. அங்கே போனின் சிஸ்டம் செயலிகளையும் காட்டும்படி மாற்றி, Print Spooler என்ற பெயரைத் தேடுங்கள். உள்ளே Enable என்று இருந்தால் அதைத் தொடுங்கள். பிறகு மின்னஞ்சலுக்குத் திரும்பி, மறுபடியும் அதே மூன்று புள்ளிகள், அதே Print.