திரையில் நீந்திய மீனும் தீர்ந்துபோன பேட்டரியும்

நேயர்களுக்கு வணக்கம். இராமநாதபுரத்தில் மடிக்கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் பாம்பனிலிருந்து ஒரு கல்லூரி மாணவி வந்தார். "அண்ணே, பேட்டரி போய்விட்டது. முன்பெல்லாம் ஐந்து மணி நேரம் நின்றது, இப்போது மூன்று மணி நேரம்கூட நிற்கவில்லை. மடியில் வைத்தால் தொடை சுடுகிறது" என்றார்.

கணினியைத் திறந்தேன். திரை முழுக்கக் கடலடிப் பவளப்பாறை, அதன் நடுவே வண்ண மீன்கள் நீந்துகின்றன. மன்னார் வளைகுடாவை வாசலில் வைத்துக்கொண்டு திரையிலும் கடல்! ரசனையைக் குறை சொல்லவில்லை. எனக்குப் பேட்டரி மீது இருந்த சந்தேகம்தான் அப்போது மீன் பக்கம் திரும்பியது.

முதலில் அளந்து பார்த்தோம். முழுதாக சார்ஜ் ஏற்றி, வயரைப் பிடுங்கிவிட்டு, எதையும் தொடாமல் அரை மணி நேரம் வைத்தோம். நூறு சதவீதம் எண்பத்திரண்டானது. மறுபடி ஏற்றி, மீன்களை நிறுத்திவிட்டுச் சாதாரணப் படத்தை வைத்து அதே அரை மணி நேரம் பார்த்தோம். இந்த முறை தொண்ணூற்றொன்றில் நின்றது. பாதிச் செலவு மீனுக்கு! பேட்டரியில் பெரிய குறை இல்லை.

அசையும் பின்னணி என்பது ஓயாமல் ஓடும் ஒரு வீடியோ. அசையாத படமென்றால் ஒருமுறை வரைந்துவிட்டுக் கணினி கண் அசரலாம். வீடியோ ஓடும்போது அசர விடுவதில்லை. இவருடையது 4கே படம், நொடிக்கு அறுபது காட்சி. ஒரு காட்சியில் ஏறத்தாழ எண்பத்து மூன்று லட்சம் புள்ளிகள். ஆனால் அவருடைய திரையில் இருப்பவையோ பத்தரை லட்சம் புள்ளிகள்தான். எட்டுப் பங்கு வரைந்து ஏழு பங்கைக் கடலில் கொட்டுவது போன்ற வேலை.

இன்னொன்றும் இருந்தது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் Performance பகுதியில் ஜிபியு என்பதைத் தேர்ந்தால் Video Decode என்றொரு வரைபடம் தெரியும். வீடியோவைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே சில்லில் உள்ள தனி உறுப்பின் கணக்கு அது. மீன் ஓடும்போது அது அசையாமல் கிடந்தது. மாறாக, சிபியு மட்டும் ஏறி நின்றது. படம் ஏவி1 என்ற வீடியோ வடிவத்தில் இருந்ததுதான் காரணம். இன்டெல்லின் பதினொன்றாம் தலைமுறைக்கு முந்தைய சில்லுகளில் ஏவி1 படத்தைப் பிரிக்கத் தனி உறுப்பு கிடையாது. இவருடையது எட்டாம் தலைமுறை. அதனால் பாரம் முழுவதும் சிபியுவின் தலையில் விழுந்திருக்கிறது. தொடை சுட்டதும் அதனால்தான்.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அந்தப் படத்தைப் போட்டு, Fast 720p30 என்ற அமைப்பைத் தேர்ந்து மாற்றினேன். எச்264 வடிவம், நொடிக்கு முப்பது காட்சி. அவர் திரைக்கு இது ஏறக்குறையப் பொருந்தும் அளவு. மாற்றியதும் Video Decode வரைபடம் எழுந்தது, சிபியு அடங்கியது. மீன் நீந்துவதில் அவர் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

பிறகு நிறுத்தும் விதிகள். மீனை ஓட்ட அவர் வைத்திருந்தது லைவ்லி வால்பேப்பர் என்ற மென்பொருள். அதன் அமைப்புகளிலும் Performance என்ற பகுதி உண்டு. மின்கம்பி இல்லாமல் பேட்டரியில் ஓடும்போது இடைநிறுத்து என்பது ஒன்று. வேறு சாளரம் திரையை நிறைக்கும்போது இடைநிறுத்து என்பது இன்னொன்று. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. திரை நிறைய புராஜெக்ட் தட்டச்சு செய்துகொண்டிருப்பார், யாரும் பார்க்காத மீன் பின்னால் நீந்திக்கொண்டே இருக்கும்.

ஸ்கிரீன்சேவரையும் அவர் விடவில்லை, குமிழிகள். அந்தக் காலக் குண்டுத் திரைகளில் ஒரே படம் நெடுநேரம் நின்றால் தடம் பதிந்துவிடும், அதற்காக வந்தது அது. இன்றைய எல்சிடி திரைக்கு அது தேவையில்லை. மேலும், குமிழி ஓடும் நேரமெல்லாம் திரையின் பின்விளக்கும் எரிகிறது. அதை எடுத்துவிட்டு, பேட்டரியில் இருந்தால் மூன்று நிமிடத்தில் திரை அணையும்படி வைத்தேன்.

இவ்வளவு செய்தும் ஒரு குறை மிச்சம். பெரும்பாலான மடிக்கணினிகள் 35 டிகிரி வெப்பம் உள்ள அறை வரை என்று கணக்கிட்டே செய்யப்படுகின்றன. நம் சித்திரை மதியத்தில் ஓட்டு வீட்டுக்குள் அந்த எல்லை தாண்டிவிடும். அதுவும் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது சூடு கூடும். பேட்டரி விதி அப்போது மீனை நிறுத்தாது, வயர்தான் செருகியிருக்கிறதே. அந்த நேரத்துக்கு மட்டும் கையால் நிறுத்திவிடுங்கள் என்றேன்.

கணினியின் காற்றாடியை நான் திறந்து பார்த்தபோது உப்புக் காற்றில் தூசி பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. அதைத் துடைத்ததற்கு மட்டும் கூலி வாங்கிக்கொண்டேன். பழைய பேட்டரியோடுதான் அனுப்பினேன்.